33 மாத இடைவெளிக்கு ஐந்து வாக்கியம்: ஒரு கவர் லெட்டரின் திருத்தங்கள்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம், ஆண்டு விற்றுமுதல் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேண்டும் என்று விளம்பரம். கேட்டிருப்பவை நான்கு: டேலி பிரைமில் முழு வேலை, மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், அரசு போர்ட்டலில் பதியும் இ-இன்வாய்ஸ், சப்ளையர் கணக்குகளைச் சரிபார்த்துத் தருவது. விண்ணப்பிப்பவர் பி.காம் படித்த பெண். 2015 ஜூன் முதல் 2022 மார்ச் வரை ஒரே வார்ப்பட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். அதன்பின் 2024 டிசம்பர் முடிய 33 மாதங்கள். அந்த 33 மாதத்துக்குள் 2023 ஜூன், ஜூலை இரண்டு மாதம் மட்டும் வேறொரு இடத்தில் வேலை. விண்ணப்பம் போவது 2025 ஜனவரி முதல் வாரத்தில்.

இது குறிப்பிட்ட ஒருவருடைய கோப்பு அல்ல. இத்தகைய விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே இடத்தில் பார்ப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. தேதிகளும் விதிகளும் அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்தவை. கோவையில் இப்படிப்பட்ட கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் தருகிறோம். வாக்கியங்களின் எண்ணிக்கையும் வரிசையும் எந்த மொழியிலும் இதேதான்.

இடைவெளிக்குக் காரணம் எளிமையானது. தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் மெஷினில் சுமார் நான்கு மணி நேரம், போய் வரும் நேரம் தனி. உடனிருக்க ஒருவர் வேண்டும். 2024 ஆகஸ்டில் தந்தை காலமானார். நவம்பர், டிசம்பரில் விண்ணப்பதாரர் டேலி பிரைம் பயிற்சி ஒன்றை முடித்தார். இடைப்பட்ட காலத்தில் அக்கா கணவரின் ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார், சம்பளம் வாங்கவில்லை.

முதல் வரைவு

கடிதத்தின் முதல் பத்தியாகவே இது இருந்தது:

> 2022 மார்ச்சுக்குப் பிறகு என்னால் பணிக்குச் செல்ல இயலாமல் போனதற்கு முதற்கண் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக, அதாவது என் தந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து கிரியாட்டினின் அளவு ஒன்பதைத் தாண்டியதால், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. என் அண்ணன் வெளிநாட்டில் இருப்பதாலும் அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதாலும் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. துரதிர்ஷ்டவசமாக இதனால் நீண்ட இடைவெளி ஏற்பட்டுவிட்டது. இது என் தவறல்ல என்பதைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் கடினமாக உழைத்து இந்தக் குறையை ஈடுசெய்வேன். இடைவெளியைப் பொருட்படுத்தாமல் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழு வாக்கியம். சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் இந்தப் பத்தி வேலையைக் கெடுக்கும். ஏன் என்பதற்கு இதன் நடையைப் பார்த்தாலே போதும். இது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் எழுதிப் பழகிய லீவ் லெட்டர். காரணம் சொல்வது, வருத்தம் தெரிவிப்பது, அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்பது, அதே மூன்று படி. வராமல் இருந்ததற்கு வகுப்பாசிரியரிடம் அனுமதி கேட்பதில் பொருள் உண்டு, ஏனென்றால் அவர் வகுப்புக்கு வரவேண்டிய கடமை மாணவருக்கு இருந்தது. இந்தப் பம்ப் நிறுவனத்துக்கு 2022இலோ 2023இலோ வரவேண்டிய கடமை விண்ணப்பதாரருக்கு இல்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எதுவும் நடக்கவில்லை. கேட்டால், ‘ஏதோ நடந்திருக்கிறது’ என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

வாக்கியம் வாக்கியமாக எடுத்துப் பார்ப்போம். ‘வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்’, ‘துரதிர்ஷ்டவசமாக’, ‘என் தவறல்ல’, ‘இந்தக் குறையை’, ‘பொருட்படுத்தாமல்’ என ஐந்து இடங்களில் இடைவெளி ஒரு குற்றமாக வருகிறது. இதில் மிகவும் கெடுதல் செய்வது ‘என் தவறல்ல’. தவறு என்ற சொல்லைக் கடிதத்துக்குள் கொண்டுவந்தவர் விண்ணப்பதாரர்தான், நிறுவனம் கேட்கவேயில்லை.

‘தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை’ வேறு வகைச் சிக்கல். ‘டியூ டு அனவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்ற ஆயத்தச் சொற்றொடரின் தமிழ் உருவம் அது. ஆயிரம் ராஜினாமாக் கடிதங்களில் பார்த்துப் பார்த்து, ‘சொல்ல விரும்பாத காரணம்’ என்று மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் அதைப் படிக்கப் பழகிவிட்டார்கள். உண்மைக் காரணம் அதே வாக்கியத்திலேயே பின்னால் வருகிறது. அப்படியிருக்க இந்த முன்னோட்டம் எதற்கு?

கிரியாட்டினின் அளவு, அண்ணன் இருக்கும் இடம், அம்மாவின் மூட்டுவலி, மூன்றும் மற்றவர்களுடைய விவரங்கள். ஒன்று தந்தையின் மருத்துவ அறிக்கை. இன்னொன்று, இன்னும் கவலைக்குரியது: அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதியதும், ‘நாளை அம்மாவுக்காக மறுபடி நின்றுவிடுவாரோ’ என்ற கேள்வி பிறக்கிறது. விளக்கம் கூடக்கூட, இல்லாத சந்தேகத்துக்கு விண்ணப்பதாரரே விதை போடுகிறார்.

கடைசியாக, எழுதாமல் விட்டவை. பொறுப்பு முடிந்துவிட்டதா என்று ஏழு வாக்கியத்தில் எங்குமே இல்லை. இன்றைக்குப் பணியில் சேர முடியுமா என்பதும் இல்லை. நிறுவனத்துக்குத் தெரியவேண்டிய இரண்டே விஷயம் அவைதான்.

எதிர்ப்பக்கம் சாய்ந்த இரண்டு வரைவுகள்

நீளம் அதிகம் என்று யாராவது சொன்னதும் வருவது இது: ‘சொந்தக் காரணங்களால் சிறிது காலம் பணியில் இல்லை.’ ஒரே வாக்கியம், மன்னிப்பும் இல்லை. ஆனால் 33 மாதம் ‘சிறிது காலம்’ ஆகாது. ரெஸ்யூமேயில் தேதியைப் பார்த்தவுடன் இந்தச் சொல் பொய்யாகத் தெரியும். மூடி வைத்த காரணம் மூன்று மாத இடைவெளிக்குப் போதும், இரண்டரை ஆண்டைத் தாண்டினால் போதாது. படிப்பவர் தாமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார், அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமானதாக இருக்கும்.

அடுத்தது எதிர்த் திசையில் போனது: ‘2022 முதல் 2024 வரை சுதந்திர ஜிஎஸ்டி ஆலோசகராகப் பல வாடிக்கையாளர்களுக்குப் பணியாற்றினேன்.’ நண்பர்கள் நல்ல எண்ணத்தில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். வாடிக்கையாளர் ஒருவர், அவரும் அக்கா கணவர், பணமும் வாங்கவில்லை. நேர்காணலில் மூன்றாவது கேள்வியிலேயே இது உடையும். எத்தனை பேர், மாதம் எவ்வளவு பில் போட்டீர்கள், அந்த வருமானத்தை வருமான வரிக் கணக்கில் எந்தத் தலைப்பில் காட்டினீர்கள்? கணக்குத் துறை ஆளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது இன்னொரு கணக்குத் துறை ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தக் கடை வேலையை எழுதவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. உள்ளபடி எழுதினாலே அதற்கு எடை உண்டு. சிறு கடை என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டில் 22ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கு 25ஆம் தேதிக்குள் சலான் கட்ட வேண்டும். 2022 ஜூலையில் தொடங்கிய காலாண்டிலிருந்து 2024 செப்டம்பரில் முடிந்தது வரை ஒன்பது காலாண்டு. ‘ஒன்பது காலாண்டு, ஊதியமின்றி, உறவினர் கடைக்கு’ என்று எழுதினால் யார் எப்படிக் கேட்டாலும் அதற்கு மேல் கிளற ஒன்றும் இல்லை. ‘ஆலோசகர்’ என்ற பட்டம் இல்லாமலே, ரிட்டர்ன் போடும் கை நிற்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

அந்த இரண்டு மாத வேலை

இந்த நிகழ்வில் மிகவும் சிக்கலான பகுதி இதுதான், அதனால் சற்று நின்று பார்க்க வேண்டும். 2023 ஜூன் 1இல் ஓர் இடத்தில் சேர்ந்தார். அப்போது டயாலிசிஸ் அதிகாலை ஷிப்டில் இருந்தது, மருத்துவமனையிலிருந்து நேராக அலுவலகம் போக முடிந்தது. ஜூலையில் மருத்துவமனை நேரத்தை மதியத்துக்கு மாற்றியது. வாரம் மூன்று நாள் மதியத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. மாத முடிவில் சொல்லிவிட்டு நின்றுகொண்டார்.

முதல் மூன்று வரைவுகளிலும் இந்த வேலை இல்லை. ரெஸ்யூமேயிலும் இல்லை. ‘இரண்டு மாதம்தானே, போட்டால் அசிங்கமாக இருக்கும்’ என்பது வழக்கமான யோசனை. ஆனால் அந்த நிறுவனம் பிஎஃப் பிடித்தது. பிஎஃப் பிடித்த இடம் ஒவ்வொன்றும் ஒருவருடைய யுஏஎன் என்ற ஒரே பிஎஃப் எண்ணின் கீழ் தனி உறுப்பினர் எண்ணாகப் பதிவாகும். உறுப்பினர் தளத்தில் `View → Service History` என்று போனால் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் வரிசையாகத் தெரியும். பின்னணிச் சரிபார்ப்பு செய்பவர்கள் கேட்கும் முதல் ஆவணங்களில் இதுவும் ஒன்று. ‘2022 மார்ச் முதல் எங்கும் பணிபுரியவில்லை’ என்று கடிதத்தில் எழுதி, அங்கே 2023 ஜூனில் ஒரு வரி தெரிந்தால், சிக்கல் இடைவெளி பற்றியதாக இருக்காது. தெரிந்தே மறைத்தார் என்று ஆகிவிடும். ஆஃபர் கொடுத்த பிறகு திரும்பப் பெறுவது இத்தகைய முரண்களுக்காகத்தான், இடைவெளிக்காக அல்ல.

ஆண்டை மட்டும் எழுதும் உத்தியும் உதவாது. ரெஸ்யூமேயில் ‘2023’ என்று மட்டும் போட்டால் ஓராண்டு வேலைபோலத் தோன்றும். தோன்ற வேண்டும் என்பதற்காகவே எழுதியது என்று தெரிந்ததும் மற்ற தேதிகளின் மீதும் நம்பிக்கை போய்விடும். மாதத்தோடு எழுதுவதே சரி: ஜூன் 2023 – ஜூலை 2023.

இன்னொன்றும் இருந்தது. சர்வீஸ் ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தபோது அந்த இரண்டு மாத இடத்தில் விலகிய தேதி காலியாக இருந்தது. சிறு நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும், ஆள் போனபின் தேதி போட மறந்துவிடுவார்கள். காலியாக இருந்தால், அவர் 2025 ஜனவரியிலும் அங்கேயே வேலை செய்வதுபோலத் தெரியும். கடிதத்தில் எவ்வளவு உண்மை எழுதினாலும் பதிவு வேறு சொல்லும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால் உறுப்பினரே `Manage → Mark Exit` வழியாகத் தேதியைப் பதியலாம், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். கடைசிப் பங்களிப்பு எந்த மாதத்துக்கு வந்ததோ அந்த மாதத்துக்குள்தான் தேதி இருக்க வேண்டும். ஒருமுறை பதிந்தால் எளிதில் மாற்ற முடியாது. எனவே ரிலீவிங் லெட்டரையோ கடைசிச் சம்பளச் சீட்டையோ கையில் வைத்துக்கொண்டு பதிய வேண்டும். இவர் 2023 ஜூலை 31 என்று பதிந்தார். கடிதம் எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது, ஆஃபர் வந்தபின் ஓடினால் பதற்றம்தான் மிஞ்சும்.

நிறுவனம் உண்மையில் எதற்குப் பயப்படுகிறது

விண்ணப்பதாரரின் பயம் ‘சோம்பேறி என்று நினைப்பார்களோ’ என்பது. அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் பயம் வேறு. ஜிஎஸ்டியில் 33 மாதம் நீண்ட காலம். விண்ணப்பதாரர் வேலையை விட்டது 2022 மார்ச் 31. மறுநாளிலிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம் 20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. 2022 அக்டோபரில் அது 10 கோடியாகவும், 2023 ஆகஸ்டில் 5 கோடியாகவும் இறங்கியது. இவருடைய பழைய நிறுவனம் 12 கோடி விற்றுமுதலில் இருந்தது. அதாவது அவர் அங்கே இருந்தவரை இ-இன்வாய்ஸ் என்ற வேலையே அந்த அலுவலகத்தில் கிடையாது. அக்கா கணவரின் கடை 5 கோடிக்குக் கீழே, அங்கேயும் கிடையாது. ஆனால் இந்தப் பம்ப் நிறுவனம் வேறு நிறுவனங்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லுக்கும் ஐஆர்என் என்ற இ-இன்வாய்ஸ் பதிவு எண்ணை எடுக்கிறது.

இதோடு 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். கெடுவைத் தாண்டினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். 2023-24 நிதியாண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. சின்னச் சின்ன ஃபவுண்டரிகளிலும் லேத் பட்டறைகளிலும் வேலை கொடுத்து வாங்கும் கோவை நிறுவனத்துக்கு இது அன்றாட விஷயம்.

ஆகவே இடைவெளிப் பத்தியில் ‘கடினமாக உழைப்பேன்’ இருந்த இடத்தில் இந்தக் கேள்விக்கான விடை வர வேண்டும். விடையும் உண்மையாக இருக்க வேண்டும். இவருக்கு நேரடி இ-இன்வாய்ஸ் அனுபவம் இல்லை. பயிற்சி வகுப்பில் மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார். அதை அப்படியே சொல்வதுதான் நல்லது. ‘இ-இன்வாய்ஸ் அனுபவம் உண்டு’ என்று எழுதினால், சேர்ந்த முதல் வாரம் ஒரு ஐஆர்என்னை ரத்து செய்யச் சொல்லும்போது வெளிப்பட்டுவிடும். எடுத்த 24 மணி நேரத்துக்குள்தான் போர்ட்டலில் ரத்து செய்ய முடியும் என்பது செய்து பழகியவருக்கு யோசிக்காமல் வரும்.

அனுப்பிய கடிதம்

> சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். வார்ப்பட நிறுவனம் ஒன்றில் 2015 ஜூன் முதல் 2022 மார்ச் வரை கணக்குப் பிரிவில் பணிபுரிந்தேன். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், சுமார் 140 சப்ளையர் கணக்குகளின் சரிபார்ப்பு, ஆடிட்டருக்கான ஆண்டு இறுதி அட்டவணைகள் ஆகியவை என் பொறுப்பில் இருந்தன.
>
> உங்கள் விளம்பரம் கேட்கும் சப்ளையர் சரிபார்ப்பு நான் அதிகம் செய்த வேலை. 2பி அறிக்கையோடு கொள்முதல் பதிவேட்டை ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி கெடுவுக்கு முன் சப்ளையர்களைத் தொடர்புகொண்டு சரிசெய்யும் முறையை அங்கே நடத்திவந்தேன்.
>
> 2022 ஏப்ரல் முதல் 2024 ஆகஸ்ட் வரை, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்பட்ட என் தந்தையைக் கவனித்துக்கொண்டேன். இடையில் 2023 ஜூன், ஜூலையில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்தேன், சிகிச்சை நேரம் மாறியதால் தொடரவில்லை. அந்தப் பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது. இந்தக் காலத்தில் உறவினர் கடை ஒன்றின் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை ஒன்பது காலாண்டுகளுக்கு ஊதியமின்றித் தாக்கல் செய்தேன். கடந்த நவம்பர், டிசம்பரில் டேலி பிரைம் பயிற்சி முடித்தேன், இ-இன்வாய்ஸ் அதில் பயின்றது, நேரடிப் பணியில் இன்னும் செய்யவில்லை.
>
> பிப்ரவரி 1 முதல் முழுநேரமாகச் சேர முடியும். நேரில் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால் மகிழ்ச்சி.

இடைவெளி மூன்றாம் பத்திக்குப் போயிருக்கிறது. முதல் பத்தியில் வைத்தால் விண்ணப்பதாரர் யார் என்பதற்கு முன் இடைவெளி அறிமுகமாகிவிடும். கடைசிப் பத்தியில் வைத்தால் தயங்கித் தயங்கிச் சொன்னதுபோல இருக்கும், கடிதத்தை மூடும்போது மனதில் நிற்பதும் அதுவாகவே இருக்கும். திறமையைச் சொன்னபின், சேரும் தேதிக்கு முன் வைத்தால் அது போகிறபோக்கில் சொல்லப்படும் ஒரு தகவலாகிவிடுகிறது.

ஐந்து வாக்கியம். இரண்டு மாத வேலை என்ற சிக்கல் இல்லாதவருக்கு மூன்று போதும்: எப்போது, எதற்கு, முடிந்ததா. ‘தந்தை காலமானார்’ என்று எழுதவில்லை. எழுதினாலும் தவறில்லை, அது அவருடைய விருப்பம். ஆனால் துக்கத்தைச் சொன்னதும் படிப்பவர் இரக்கத்தோடு படிக்கத் தொடங்கிவிடுவார். ‘அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது’ என்பது தேவையான தகவலைத் தந்து அங்கேயே நிறுத்துகிறது. ‘வருத்தம்’, ‘மன்னிக்கவும்’, ‘துரதிர்ஷ்டம்’, ‘இருந்தாலும்’ ஒன்றும் இல்லை. இதில் ‘இருந்தாலும்’ என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மன்னிப்புச் சொற்களையெல்லாம் எடுத்தபின்னும் ‘இடைவெளி இருந்தாலும்’ என்று ஓரிடத்தில் ஒளிந்துகொண்டிருக்கும்.

சத்தமாகப் படித்துப் பார்ப்பதும் உதவும். முழுக் கடிதத்தையும் படிக்க ஒரு நிமிடம் என்றால், இடைவெளிப் பகுதி அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இங்கே அந்த எல்லையைத் தாண்டிப் பாதியை நெருங்குகிறது. ஆனால் அதில் கடைசி இரண்டு வாக்கியம் வேலையைப் பற்றியவை என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

தொலைபேசியில்

கடிதம் குறுகியதாக இருந்தால் மிச்சக் கேள்வி பேச்சில் வரும். அதற்கான விடையும் கடிதத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். கடிதத்தில் அடக்கி எழுதியவர் பேச்சில் கொட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

“நடுவுல ரெண்டு மாசம் ஒரு இடத்துல இருந்திருக்கீங்களே மேடம், ஏன் விட்டீங்க?”

“அப்பாவோட டயாலிசிஸ் நேரத்தக் காலையிலருந்து மதியத்துக்கு மாத்திட்டாங்க சார். வாரத்துல மூணு நாள் பாதி நேரம்தான் இருக்க முடிஞ்சுது. அது அவங்களுக்கும் சரிவராதுன்னு சொல்லிட்டு நின்னுட்டனுங்க.”

“இப்ப வீட்ல?”

“அப்பா ஆகஸ்ட்ல தவறிட்டாங்க சார். இப்ப முழு நேரமும் வரலாமுங்க. இ-இன்வாய்ஸ் மட்டும் முதல் ரெண்டு வாரம் யாராவது கூட இருந்து காட்டுனா நல்லா இருக்கும்.”

கேட்டதற்கு மட்டும் பதில், அதன்பின் பேச்சு வேலைக்குத் திரும்பிவிட்டது. ‘மன்னிச்சுக்கங்க சார், சூழ்நிலை அப்படி’ என்று தொடங்கியிருந்தால், அடுத்த ஐந்து நிமிடம் வீட்டு நிலவரம்தான் ஓடியிருக்கும்.

இதே அளவு பொருந்தாத இடங்கள்

காரணம் சொந்த உடல்நலம் என்றால் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. ‘உடல்நலக் காரணத்தால் பணியில் இல்லை, சிகிச்சை முடிந்து முழுநேரம் பணிபுரியும் நிலையில் இருக்கிறேன்’ என்பது உண்மை, போதுமானதும்கூட. இரண்டாவது பாதி உண்மையாக இல்லாவிட்டால், எந்த அளவு நேரம் முடியும் என்பதைத்தான் எழுத வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று படித்துக்கொண்டிருந்தவர்கள் அதை மறைக்கப் பார்ப்பார்கள். மறைக்கத் தேவையில்லை. ஆனால் தனியார் நிறுவனத்தின் கவலை, ரிசல்ட் வந்தால் போய்விடுவாரோ என்பது. தேர்வு எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நிறுத்தவில்லையென்றால் நிறுத்திவிட்டதாக எழுதக் கூடாது.

ஆட்குறைப்பு என்றால் ‘பிரிவு மூடப்பட்டதால்’ என்ற ஒரு சொற்றொடரே போதும். கடினமானது, ஒழுங்கு நடவடிக்கையின் பேரில் வேலைநீக்கம் செய்யப்பட்ட நிலை. கவர் லெட்டரில் முழுக் கதையும் வேண்டியதில்லை. ‘2023 மே மாதத்தில் அந்தப் பணி முடிந்தது’ என்று தேதியோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘நானே விலகினேன்’ என்று மட்டும் எழுதக் கூடாது. விண்ணப்பப் படிவத்திலோ நேர்காணலிலோ நேராகக் கேட்டால் நேராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய நிறுவனத்துக்குப் போகும் சரிபார்ப்பு மின்னஞ்சலில் விலகிய காரணம் என்று ஒரு கட்டம் வழக்கமாக இருக்கும்.

சேரும் நாளில்

புதிதாகச் சேர்பவரிடம் பிஎஃப்புக்காக வாங்கும் படிவம் 11இல், முன்பு பிஎஃப் உறுப்பினராக இருந்தாரா, யுஏஎன் என்ன, முந்தைய இடத்திலிருந்து விலகிய தேதி என்ன என்று கேட்கிறது. அந்தக் கட்டத்தில் வரவேண்டியது 2022 மார்ச் 31 அல்ல, 2023 ஜூலை 31. ரெஸ்யூமேயில் ‘ஜூலை 2023’, கவர் லெட்டரின் மூன்றாம் பத்தியில் ‘ஜூன், ஜூலை’, சர்வீஸ் ஹிஸ்டரியில் அவரே பதிந்த தேதி, எல்லாம் ஒன்றாக இருப்பதால் பேனாவை எடுத்து யோசிக்காமல் நிரப்பலாம்.